கமென்ட் போடலாம், கணக்கு தெரியக் கூடாது

ஒரு சனிக்கிழமை மாலை எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இருபது வருடமாக வயரிங் வேலை செய்பவர். குரலில் கோபம் தெரியவில்லை, வருத்தம் தெரிந்தது.

“தம்பி, என் வேலைக்கு நீங்க மூணு அறுபது ஒதுக்கி வச்சிருக்கீங்க. என்கிட்ட பேரம் பேசி மூணு இருபதுக்கு முடிச்சீங்க. காசே இல்லைன்னு சொன்னீங்களே, மீதி நாப்பது எங்கே போகுது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் சொன்ன தொகை அப்படியே சரி. திருச்சியில் மூன்று மாடி கிளினிக் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை அது. ஒருங்கிணைப்பு என் பொறுப்பு. எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்பது அலுவலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரே பிராஜெக்ட் டிராக்கரைத்தான் பயன்படுத்தினார்கள், ஆனால் பட்ஜெட் கட்டம் அவர்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தேன். மறைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தும் இருந்தேன். பிறகு எப்படித் தெரிந்தது? அதைக் கண்டுபிடிக்க அன்று இரவு வெகுநேரம் ஆனது. கண்டுபிடித்தபோது, தவறு முழுக்க என்னுடையது என்று புரிந்தது.

கட்டட வேலையோ, கல்யாண மண்டபமோ, வெப்சைட் வடிவமைப்போ, வெளியாட்களை வைத்து வேலை வாங்கும் யாருக்கும் இந்தச் சிக்கல் ஒரு நாள் வரும். அதனால் அந்த இரவில் நான் பார்த்ததையும் பிறகு மாற்றியதையும் முழுதாகச் சொல்கிறேன்.

பிராஜெக்ட் டிராக்கர் என்பது வேலைகளின் பொதுப் பதிவேடு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டாஸ்க் இருக்கும். யார் செய்கிறார், எப்போது முடிக்க வேண்டும், எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். கீழே அந்த வேலையைப் பற்றிய பேச்சு கமென்ட்டாக நீளும். கான்ட்ராக்டர்களை அதற்குள் கொண்டுவருவதற்குக் காரணமே இந்தப் பேச்சுதான். “இரண்டாம் மாடி சுவரில் பைப் குறுக்கே போகிறது, கன்ட்யூட் போட முடியவில்லை” என்று எலக்ட்ரீஷியன் எழுதி ஒரு போட்டோவும் போட்டால், அதைப் பிளம்பர் பார்ப்பார், நானும் பார்ப்பேன். அதே பேச்சு வாட்ஸ்அப்பில் நடந்தால் மூன்று நாளில் மேலே போய் மறைந்துவிடும். ஒரு மாதம் கழித்து “யார் சொல்லி சுவரை உடைத்தீர்கள்?” என்று கேட்டால் யாரிடமும் சான்று இருக்காது.

ஆகவே கான்ட்ராக்டர் டாஸ்க்கைப் பார்க்க வேண்டும், கமென்ட் போட வேண்டும், போட்டோ ஏற்ற வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு நாம் மனதில் வைத்திருக்கும் தொகை அவருக்குத் தெரியக் கூடாது. கடைசி நேரத்தில் டாக்டர்கள் கேட்கும் கூடுதல் பாயின்ட்டுகளுக்கும், செம்பு விலை ஏறினால் வயருக்கும் என்று நாற்பதாயிரத்தைத் தனியாக வைத்திருந்தோம். அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அது கான்ட்ராக்டருக்கு வர வேண்டிய பணம்போல் தோன்றிவிடும். அப்படித் தோன்றுவதில் அவர் பக்கம் தவறே இல்லை.

பெரும்பாலானவர்கள் இதைக் கூகுள் ஷீட்டில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேலை, பொறுப்பாளர், தேதி, நிலை, பட்ஜெட் என்று வரிசையாகப் பத்திகள். பட்ஜெட் பத்தியை ரைட் கிளிக் செய்து மறைத்துவிட்டு, கான்ட்ராக்டர்களுக்கு `Commenter` அனுமதி கொடுத்துவிடலாம் என்று நினைப்போம். அந்த ஃபைலுக்கு அவர் ஒரு நகல் எடுத்துக்கொண்டால் போதும், நகலுக்கு அவர்தான் சொந்தக்காரர். மறைத்த பத்தியைத் திறக்க அவருக்கு இரண்டு கிளிக் ஆகும். தனித் தாளில் வைத்து அந்தத் தாளை மறைத்தாலும் இதே கதைதான். ஷீட்டில் இருக்கும் ‘பாதுகாப்பு’ வசதியும் இதற்கு உதவாது. அது மாற்றி எழுதுவதைத் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது.

ஷீட்டிலேயே இதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் இரண்டு ஃபைல்கள் வேண்டும். அசல் ஃபைலில் பட்ஜெட் இருக்கும், அதை அலுவலகம் மட்டும் பார்க்கும். கான்ட்ராக்டர்களுக்கு இன்னொரு ஃபைல். அதில் முதல் நான்கு பத்திகளை மட்டும் இழுத்துக்கொள்ள வேண்டும்.

```
=IMPORTRANGE("அசல் ஃபைலின் முகவரி", "Sheet1!A2:D60")
```

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு ஃபைல்களையும் இணைக்க ஒரு முறை அனுமதி கொடுத்துவிட்டால், இரண்டாவது ஃபைலில் எழுதும் உரிமை உள்ள எவரும் அந்த `D60` என்பதை `H60` என்று மாற்றி எழுதி பட்ஜெட்டையும் இழுத்துக்கொள்ளலாம். அதனால் கான்ட்ராக்டருக்கு அங்கே `Commenter` அனுமதிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது. இன்னொரு தொல்லையும் உண்டு. கமென்ட் ஒட்டியிருப்பது கட்டத்தோடு, வேலையோடு இல்லை. அசல் ஃபைலில் யாராவது நடுவில் ஒரு வரியைச் சேர்த்தால் இங்கே வேலைகள் ஒரு வரி இறங்கிவிடும், கமென்ட்டுகள் பழைய இடத்திலேயே நிற்கும். பிளம்பர் பாத்ரூமுக்குப் போட்ட குறிப்பு ஃபால்ஸ் சீலிங் பக்கத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பத்து வேலைக்கு இந்த ஏற்பாடு போதும். அறுபது வேலைக்குப் போதாது.

அதனால்தான் ரெட்மைனுக்கு மாறினோம். 2006இல் ஜான்-ஃபிலிப் லாங் என்பவர் தொடங்கிய இலவச, திறந்த மூல மென்பொருள் அது. சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் எழுதுபவர்களுக்காக வந்ததுதான், ஆனால் கட்டட வேலைக்கும் பொருந்துகிறது. எனக்கு அதில் பிடித்தது ஒன்று: எந்தக் கட்டத்தை யார் பார்க்கலாம் என்று கட்டம் கட்டமாகச் சொல்ல முடியும். எல்லா டிராக்கரிலும் இது கிடையாது. டிரெல்லோவில் ஒரு கார்டைப் பார்க்க முடிந்தவர் அதில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் பார்ப்பார். காசு கொடுத்து ஒரு டிராக்கரை வாங்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒரு டாஸ்க்குக்குள் ஒரு கட்டத்தை மட்டும் சிலருக்கு மறைக்க முடியுமா, முடியாதா?

ரெட்மைனில் அனுமதிகள் ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை, ரோலுக்குக் கொடுக்கப்படுகின்றன. `Administration` பகுதியில் `Roles and permissions` என்று இருக்கும். அதில் ‘கான்ட்ராக்டர்’ என்று புதிதாக ஒரு ரோல் உருவாக்கினேன். ரோலைத் திறந்தால் ஐம்பதுக்கு மேல் டிக் கட்டங்கள் இருக்கும். முதல் முறை பார்ப்பவருக்கு மலைப்பாக இருக்கும். கான்ட்ராக்டருக்கு இரண்டே போதும். `View issues`, அதாவது டாஸ்க்கைப் பார்ப்பது. `Add notes`, அதாவது கமென்ட் போடுவது. கமென்ட்டோடு போட்டோவையும் சேர்த்து அனுப்பலாம். `Edit issues` வேண்டாம். அது இருந்தால் தேதியையும் பொறுப்பாளரையும் அவரே மாற்றிவிட முடியும். `View spent time` வேண்டாம். எங்கள் சூப்பர்வைசர்கள் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்பது அதில் வரும். `View private notes` வேண்டவே வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது பட்ஜெட் கட்டம். `Custom fields` பகுதியில் டாஸ்க்குக்கு ‘பட்ஜெட்’ என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தேன். அந்தப் பக்கத்தில் `Visible` என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே இரண்டு தேர்வுகள்: `to any users` என்றால் எல்லோருக்கும் தெரியும், `to these roles only` என்றால் நாம் டிக் செய்யும் ரோல்களுக்கு மட்டும் தெரியும். அலுவலகம், கணக்கு என்ற இரண்டு ரோல்களை மட்டும் டிக் செய்தேன். இப்படி மறைத்த கட்டம் டாஸ்க் பக்கத்தில் தெரியாது, பட்டியலில் பத்தியாகச் சேர்க்க முடியாது, அந்தத் தொகையை யாராவது மாற்றினால் கீழே வரும் மாற்ற வரலாற்றிலும் மின்னஞ்சலிலும் கான்ட்ராக்டருக்கு வராது. இந்த வகையில் ரெட்மைன் நம்பகமானது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு இடம் உண்டு. `Workflow` பகுதியில் `Fields permissions` என்ற பக்கத்தில் ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு கட்டத்தை `Read-only` என்று குறிக்கலாம். பெயரைப் பார்த்து, பட்ஜெட்டை இங்கேதான் பூட்ட வேண்டும் என்று நினைத்துவிடுவார்கள். அங்கே பூட்டினால் கான்ட்ராக்டரால் தொகையைத் திருத்த முடியாது, படிக்க முடியும். நமக்கு வேண்டியது படிக்க முடியாமல் இருப்பது.

இத்தனையும் நான் சரியாகத்தான் செய்திருந்தேன். அண்ணன் போன் செய்த அன்று இரவு அவருடைய கணக்கில் நுழைந்தால் என்ன தெரியும் என்று பார்க்க, கான்ட்ராக்டர் ரோலில் ஒரு சோதனைப் பயனரை உருவாக்கி உள்ளே போனேன். லைட்டிங் டாஸ்க்கைத் திறந்தேன். பட்ஜெட் கட்டம் இல்லை. வரலாற்றிலும் இல்லை. தேடல் பெட்டியில் தொகையைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பிறகுதான் வலது பக்கத்தில் ஒரு சின்ன வரி கண்ணில் பட்டது.

செலவு %: 40

வாரா வாரம் சனிக்கிழமை கணக்குப் பிரிவில் உள்ள அக்கா அந்த எண்ணை நிரப்புவார். ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று நாங்கள் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள நான்தான் அந்தக் கட்டத்தைச் சேர்த்திருந்தேன். புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்க்கும்போது ரெட்மைனில் `to any users` என்பதுதான் முதலிலேயே தேர்வாகியிருக்கும். பட்ஜெட் கட்டத்தில் அதை மாற்றினேன். சதவீதக் கட்டத்தில் மாற்றவில்லை. ரூபாய் தெரியவில்லையே, சதவீதத்தில் என்ன ரகசியம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்குத் தன் பில் எவ்வளவு என்று தெரியும். அதுவரை இரண்டு ரன்னிங் பில் போட்டு 1,44,000 ரூபாய் வாங்கியிருந்தார். அந்த டாஸ்க்கில் அவரைத் தவிர வேறு செலவு எதுவும் இல்லை. 1,44,000 என்பது நாற்பது சதவீதம் என்றால் நூறு சதவீதம் எவ்வளவு? 1,44,000ஐ 40ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 3,60,000. பாயின்ட் கணக்கையும் மீட்டர் கணக்கையும் மனதிலேயே போடுபவருக்கு அரை நிமிட வேலை.

எண்ணை முழு எண்ணாக்கிக் காட்டினால் தப்பிக்கலாமா என்றும் போட்டுப் பார்த்தேன். உண்மையான சதவீதம் 39.5க்கும் 40.5க்கும் நடுவில் எதுவாக இருந்தாலும் திரையில் 40 என்று வரும். அப்படியானால் பட்ஜெட் 3,55,556க்கும் 3,64,557க்கும் நடுவில் இருக்க வேண்டும். பேரம் பேசுபவருக்கு இந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. பில் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி இன்னும் குறுகும். தொண்ணூறு சதவீதம் தாண்டினால் கட்டம் சிவப்பாக மாறும்படி வைத்தாலும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். என்றைக்குச் சிவப்பானது என்று தெரிந்தால் போதும்.

அன்று எனக்கு உறைத்தது இதுதான். பட்ஜெட்டை மறைப்பது என்றால் பட்ஜெட் என்ற கட்டத்தை மட்டும் மறைப்பது போதாது. அதிலிருந்து பிறக்கும் எல்லா எண்களையும் மறைக்க வேண்டும். சதவீதம், மீதி, மிச்சம், ‘பட்ஜெட்டுக்குள் இருக்கிறதா’ என்ற ஆம்-இல்லை குறிப்புகூட. கான்ட்ராக்டரிடம் ஏற்கெனவே ஒரு உண்மையான எண் இருக்கிறது, அது அவர் பில். இன்னொரு எண்ணை நாம் கொடுத்தால் மூன்றாவதை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் கட்டத்தை அன்றிரவே மறைத்தேன். அதோடு நிற்காமல், பணம் வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று ஒவ்வொரு டாஸ்க்காகத் தேடினேன். கிடைத்ததைப் பார்த்துப் பயந்துபோனேன்.

முதலில் டாஸ்க்கின் விவரப் பகுதி. ஃபால்ஸ் சீலிங் டாஸ்க்கில் யாரோ ‘சதுர அடிக்கு 95க்குள் முடிக்கணும்’ என்று எழுதியிருந்தார்கள். அழித்தேன். ஆனால் ரெட்மைனில் விவரப் பகுதியை மாற்றினால், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணைப்பு வரலாற்றில் சேர்ந்துவிடும். அதை அழுத்தினால் நான் அழித்த வரி சிவப்பு நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. அழித்ததால் அது இன்னும் கண்ணில் படும்படி ஆகிவிட்டது. கடைசியில் அந்த டாஸ்க்கையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

அடுத்தது இணைப்புக் கோப்புகள். கட்டத்தை மறைக்கும் வசதி கோப்புக்குள் எட்டிப் பார்க்காது. டாஸ்க்கைப் பார்க்க முடிந்தவர் அதில் ஏற்றிய எல்லாக் கோப்பையும் இறக்கிக்கொள்ள முடியும். இரண்டு இடங்களில் முழு எஸ்டிமேட் எக்ஸெல் ஃபைலே ஏற்றப்பட்டிருந்தது. வரைபடத்தோடு சேர்த்து ஏற்றுவது வசதியாக இருந்ததால் ஏற்றியிருக்கிறார்கள்.

பிறகு கமென்ட்டுகள். அலுவலகத்தில் இருப்பவர்கள் கமென்ட் போடும்போது அதைத் தனிப்பட்டது என்று குறிக்க ஒரு டிக் இருக்கிறது. டிக் செய்தால் `View private notes` அனுமதி உள்ளவர்கள் மட்டும் படிப்பார்கள். கான்ட்ராக்டர் ரோலுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். ஆனால் அந்த டிக்கை நம்பிப் பணம் பேசுவதை நான் இப்போது முழுக்க எதிர்க்கிறேன். அவசரத்தில் பத்து முறையில் ஒரு முறை டிக் மறந்துவிடும். மறந்த நொடியே கமென்ட் மின்னஞ்சலாகப் போய்விடும். பிறகு ஓடிப்போய் கமென்ட்டை நீக்கினாலும் அவர் மெயிலில் அது அப்படியே இருக்கும்.

அதனால் பணப் பேச்சுக்குத் தனி இடமே ஒதுக்கிவிட்டோம். ரெட்மைனில் ‘கணக்கு’ என்று இன்னொரு பிராஜெக்ட். அதில் கான்ட்ராக்டர்கள் யாரும் உறுப்பினர் இல்லை. லைட்டிங் வேலைக்கு அங்கே ஒரு இணையான டாஸ்க், அதில்தான் பட்ஜெட், எஸ்டிமேட், ரேட் பேச்சு எல்லாம். இரண்டையும் ஒன்றோடொன்று இணைக்கலாம். மறுபக்கத்து டாஸ்க்கைப் பார்க்க உரிமை இல்லாதவருக்கு அந்த இணைப்பே தெரியாது. ஒரு டாஸ்க்குக்கு இரண்டு டாஸ்க் என்பது கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் இப்போது யாரும் எதையும் நினைவில் வைத்து டிக் செய்ய வேண்டியதில்லை. பணம் இருக்கும் வீட்டுக்குள் கான்ட்ராக்டருக்கு வாசலே இல்லை.

இந்த ஏற்பாட்டையும் உடைக்கக்கூடிய ஒன்று பாக்கி இருந்தது. ரெட்மைனில் ஒருவருக்கு ஒரே பிராஜெக்ட்டில் இரண்டு ரோல்கள் இருக்கலாம். அப்போது இரண்டு ரோல்களின் அனுமதிகளும் கூடும். ஒன்று இன்னொன்றைக் குறைக்காது. ‘இவருக்கு இது கூடாது’ என்று சொல்லும் கட்டளையே அதில் கிடையாது, ‘இது உண்டு’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். பிளம்பிங் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரை நான் கான்ட்ராக்டர் ரோலில்தான் சேர்த்திருந்தேன். எங்கள் சைட் இன்ஜினியர் ஒருவர், எல்லோருக்கும் அறிவிப்பு போகட்டும் என்று அவரை ‘சைட் டீம்’ என்ற குழுவிலும் சேர்த்துவிட்டார். அந்தக் குழுவுக்கு அலுவலக ரோல் இருந்தது. சேர்த்த நிமிடத்திலிருந்து அவருக்குப் பட்ஜெட் தெரிந்திருக்கிறது. அவர் பார்த்தாரா, பார்த்தும் சொல்லவில்லையா, எனக்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. பிராஜெக்ட்டின் `Settings` பகுதியில் `Members` பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை ரோல்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வெளியாள் ஒருவரின் பெயருக்கு எதிரே இரண்டு ரோல்கள் இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். அதே `Settings` பகுதியில் `Public` என்ற டிக்கையும் எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் அந்த பிராஜெக்ட்டில் உறுப்பினர் அல்லாதவர்களும், வேறொரு பிராஜெக்ட்டுக்காக உள்ளே வந்த கான்ட்ராக்டர் உட்பட, `Non member` என்ற ரோலில் எட்டிப் பார்க்கலாம். புதிய பிராஜெக்ட் உருவாக்கும்போது, அமைப்பை மாற்றாத வரை, அந்த டிக் ஏற்கெனவே விழுந்திருக்கும். எங்கள் ‘கணக்கு’ பிராஜெக்ட்டிலும் விழுந்துதான் இருந்தது. நல்லவேளையாக முதல் நாளே பார்த்துவிட்டேன்.

அப்புறம் அண்ணன் கேட்ட கேள்வி. மறைப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், அவருக்குத் தெரிய வேண்டிய பணத்தையும் சேர்த்து மறைத்துவிட்டோம் என்பது மெல்லத்தான் புரிந்தது. பட்ஜெட் எங்கள் கணக்கு. அவரோடு பேசி முடித்த 3,20,000 அவருடைய கணக்கு. இதுவரை எவ்வளவு பில் போட்டார், எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். டிராக்கரில் அதைப் பார்க்க வழி இருந்திருந்தால் அவர் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. எலக்ட்ரீஷியன், பிளம்பர், சீலிங் போடுபவர் என்று எல்லோரும் ஒரே கான்ட்ராக்டர் ரோலில் இருக்கிறார்கள். ஒப்பந்தத் தொகையை ஒரு கட்டமாக வைத்து அந்த ரோலுக்குத் திறந்துவிட்டால் எலக்ட்ரீஷியனின் தொகையைப் பிளம்பரும் பார்ப்பார். ஒவ்வொருவரும் தன் டாஸ்க்கை மட்டும் பார்க்கும்படி சுருக்கலாம். ரோலில் `Issues visibility` என்ற இடத்தில் அதற்கும் வழி உண்டு. ஆனால் சீலிங் எப்போது மூடப்படுகிறது என்று எலக்ட்ரீஷியனுக்குத் தெரியாவிட்டால், மூடிய சீலிங்கை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். அவர்கள் ஒருவர் வேலையை ஒருவர் பார்க்கத்தான் இந்த டிராக்கரே வந்தது.

முடிச்சு அதே இடத்திலேயே அவிழ்ந்தது. `Issues visibility` பட்டியலில் நடுவில் `All non private issues` என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த ரோலில் உள்ளவர் பொதுவான டாஸ்க்குகள் எல்லாவற்றையும் பார்ப்பார். `Private` என்று குறித்த டாஸ்க்குகளில், தானே உருவாக்கியதையும் தன் பெயருக்கு ஒதுக்கியதையும் மட்டும் பார்ப்பார். நமக்கு வேண்டியது அப்படியே அதுதான். வேலை டாஸ்க்குகள் எல்லாம் பொதுவாக இருக்கட்டும். ஒவ்வொரு கான்ட்ராக்டருக்கும் ‘பில்’ என்று தனியாக ஒரு டாஸ்க் போட்டு, `Private` டிக் செய்து, அவர் பெயருக்கே ஒதுக்கிவிட்டேன். அதில் ஒப்பந்தத் தொகை, ஒவ்வொரு ரன்னிங் பில்லின் நகல், பணம் அனுப்பிய தேதி. பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எலக்ட்ரீஷியனின் பில் டாஸ்க் இருப்பதே பிளம்பருக்குத் தெரியாது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. பில் வந்ததும் கணக்கு அக்கா பழக்க தோஷத்தில் டாஸ்க்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த நிமிடம் அது கான்ட்ராக்டரின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. “என் பில்லையே காணோம்” என்று சீலிங் அண்ணன் பதறிப் போன் செய்தார். ஒதுக்கீட்டை மாற்றவே கூடாது, சரிபார்க்க வேண்டியது இருந்தால் நிலையை மாற்ற வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். ஒரு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் இருவரை மட்டும் கொண்ட ஒரு குழுவுக்கு ஒதுக்கலாம். கான்ட்ராக்டர்கள் எல்லோரும் இருக்கும் குழுவுக்கு ஒதுக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இப்போது ஒவ்வொரு புது பிராஜெக்ட்டுக்கும் கான்ட்ராக்டர்களை அழைப்பதற்கு முன்பே அந்தச் சோதனைப் பயனராக உள்ளே போகிறேன். அட்மின் கணக்கிலிருந்து பார்த்துச் ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வது வீண். அட்மினுக்கு எதுவும் மறைவதில்லை, அவர் திரையில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். தனி பிரவுசர் ஜன்னலில் நுழைந்து, டாஸ்க் பட்டியலில் எந்தெந்தப் பத்திகளைச் சேர்க்க முடிகிறது என்று பார்க்கிறேன். பட்டியலை `CSV` ஆக இறக்கித் திறந்து பார்க்கிறேன். பட்ஜெட்டில் உள்ள நான்கைந்து தொகைகளை, காற்புள்ளியோடும் இல்லாமலும், தேடல் பெட்டியில் தட்டுகிறேன். பட்ஜெட்டையும் ஒரு தேதியையும் ஒன்றாக மாற்றிவிட்டு, சோதனைப் பயனரின் மெயிலுக்கு என்ன வருகிறது என்று பார்க்கிறேன். தேதி மாறியது மட்டும் வர வேண்டும். கடைசியாக, திரையில் தெரியும் ஒவ்வொரு எண்ணையும் பார்த்து, அந்த அண்ணனின் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதிலிருந்து வேறு எதையாவது கண்டுபிடிக்க முடியுமா என்று காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். மொத்தம் இருபது நிமிடம் ஆகும். வேலை நடந்துகொண்டிருக்கும்போது யாராவது புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்தால் மறுபடியும் இருபது நிமிடம்.

அண்ணனிடம் அந்த வாரமே நேரில் போய்ப் பேசினேன். நாற்பதாயிரம் எதற்கு என்று சொன்னேன். பிறகு எக்ஸ்-ரே அறைக்குத் தனி லைன் வேண்டும் என்று டாக்டர்கள் கேட்டபோது, அந்தக் கூடுதல் வேலைக்குத் தனி ரேட் பேசி அதிலிருந்துதான் கொடுத்தோம். அவருடைய பில் டாஸ்க்கைப் போனில் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். இரண்டாவது பில்லில் பிடித்த தொகை எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அன்று மாலையே அதில் அவருடைய முதல் கமென்ட் வந்தது: “மூணாவது பில் 18ஆம் தேதி போடலாமா தம்பி? ரெண்டாம் மாடி டிபி வேலை முடிஞ்சிருச்சு, போட்டோ வச்சிருக்கேன்.”